இரு தோளிலும் ஒரே மாதிரிப் பள்ளம், இரு வேறு காரணங்கள்: ஒரு கோட்டின் ஷோல்டர் பேடும் ஸ்லீவ் ஹெட்டும்

## பின்னணி

கோவையில் ஆண்களுக்கான கோட் மட்டுமே தைக்கும் சிறிய கடை எங்களுடையது. துணி வெட்டுவது என் வேலை. தைப்பவர்கள் மூன்று பேர். அளவெடுப்பதையும் முதல் வெட்டையும் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரும் எங்களோடு இருக்கிறார். மார்கழி மாதத் தொடக்கத்தில், முப்பத்தைந்து வயதை நெருங்கும் ஒருவர் தம் தாயாருடன் வந்து, தை மாதத்தில் நடக்கவிருந்த தம் திருமண வரவேற்புக்காக ஒரு கோட் கேட்டார். கல்லூரிக் காலம் முதல் வலக்கையால் இறகுப்பந்து ஆடி வருபவர் அவர். அடர்நீல நிறத்தில், கலப்பில்லாத கம்பளி நூல் துணியைத் தாமே வாங்கி வந்திருந்தார்.

வந்தவுடன் அவர் சொன்ன முதல் குறை இதுதான்: "எந்தக் கோட் போட்டாலும் தோளுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஒரு பள்ளம் விழுது மாஸ்டர். போட்டோவுல அது மட்டும்தான் தெரியுது." கையோடு கொண்டு வந்திருந்த ஆயத்தக் கோட்டை அணிந்தும் காட்டினார். தோள் தையல் முடியும் இடத்திலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே, கையின் வெளிப்புறத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்ததைப் போன்ற ஒரு குழிவு இரு கைகளிலும் இருந்தது. வலப்பக்கத்தில் அது கூடுதலாகத் தெரிந்தது.

கோட் தைப்பவர் அனைவரும் அறிந்த குறை இது. பலரும் இதைப் பஞ்சு வைத்து நிரப்பிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். அது ஏன் பலிக்கவில்லை என்பதையும், பிறகு என்ன செய்தோம் என்பதையும் வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

## கோட்டின் தோளுக்குள் இருப்பவை

கோட்டைப் பிரித்துப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஷோல்டர் பேட் என்பது தோளின் மேல் அமரும், பிறை வடிவில் வெட்டிய பஞ்சு அடுக்கு. கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் தொடங்கி, கை இணையும் விளிம்பில் அது முழுக் கனத்தை அடைகிறது. கையை இணைக்கும் தையலோடு அது நின்றுவிடுவதில்லை. சற்றே வெளியே நீண்டு, கையின் மேல்வளைவுக்கு ஒரு படி போல நிற்கிறது.

ஸ்லீவ் ஹெட் என்பது அந்தப் படியிலிருந்து கை இறங்கும் இடத்தில், கைத்துணிக்கு உள்ளே வைக்கும் ஒரு நீளப் பட்டை. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய கேன்வாஸ், பஞ்சுத் தாள், மென்மையான கம்பளித் துணி ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்து இது அமையும். கையின் மேல்வளைவு கைக்குழியைவிட நீளமாக வெட்டப்படுகிறது. அந்தக் கூடுதல் நீளத்தைச் சுருக்கம் தெரியாமல் அமுக்கித் தைக்கும்போது ஓர் உருண்டை கிடைக்கிறது. அந்த உருண்டை உள்ளே சரிந்து விழாமல் தாங்குவதும், தையலின் உள்விளிம்பு வெளியே அச்சாகத் தெரியாமல் மறைப்பதும் ஸ்லீவ் ஹெட்டின் வேலை.

தோளின் உயரத்தைப் பேட் தீர்மானிக்கிறது; தோளிலிருந்து கை எப்படி இறங்குகிறது என்பதை ஸ்லீவ் ஹெட் தீர்மானிக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்தினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கோட்டில் நேராகப் பார்த்தோம்.

## அளவெடுத்த நாள்

அளவெடுத்தவர் எங்கள் இளைஞர். நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். வலத்தோள் இடத்தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்திருப்பதைக் கண்டோம், குறித்தும் கொண்டோம். வலக்கையால் ஆடுபவர்களுக்கும், ஒரே தோளில் பை மாட்டிப் பழகியவர்களுக்கும் இப்படித் தாழ்ந்திருப்பது அபூர்வமல்ல. தோள்களின் அகலத்தை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவாக எடுத்து, வெட்டும்போது இரண்டாகப் பகிர்ந்தோம். கைத்தசையின் சுற்றளவை வலக்கையில் எடுக்கவில்லை. இடக்கையில் எடுத்ததையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டோம். பின்னால் வந்த சிக்கலின் பாதி இந்த இரண்டு சுருக்குவழிகளிலிருந்து பிறந்தது.

வாடிக்கையாளர் தோள் சற்று அகலமாகவும் நிமிர்ந்தும் இருக்க வேண்டும் என்றார். ஆகவே கை இணையும் தையலை இருபுறமும் தோள் எலும்பின் முனையைத் தாண்டி அரை அங்குலம் வெளியே வைத்தோம். கடையில் கிடைக்கும் ஆயத்தப் பேட், விளிம்பில் அரை அங்குலக் கனமுள்ளது, இரு தோளுக்கும் ஒன்றே என்று முடிவானது. கையின் மேல்வளைவு, கைக்குழியைவிட ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக வெட்டப்பட்டது.

## முதல் டிரையல்

ஒன்பதாம் நாள் கச்சா தையலோடு கோட்டை அணிவித்தோம். மார்பும் முதுகும் நன்றாக அமர்ந்திருந்தன. தோளில் மூன்று குறைகள் இருந்தன. வலப்பக்கம் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக இரண்டு மடிப்புகள் ஓடின. அது தாழ்ந்த தோளின் அடையாளம்: மேலே தாங்க ஒன்றும் இல்லாத துணி அந்தப் பக்கமாகத் தொங்குகிறது. மற்ற இரண்டும் அந்தப் பழைய பள்ளங்கள். அவர் கொண்டு வந்த ஆயத்தக் கோட்டில் இருந்த அதே இடத்தில், அதே வடிவத்தில், எங்கள் கோட்டிலும் விழுந்திருந்தன.

அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தாயார்தான், "தம்பி சொன்ன அதே இடம்தானே இது?" என்று கேட்டார்.

## முதல் திருத்தமும் அதன் விளைவும்

அன்று மாலை நான் எடுத்த முடிவு இது. வலத்தோளில் ஒரு பேடின் மேல் இன்னொரு பேடை வைத்து அரை அங்குல வித்தியாசத்தை முழுவதும் நிரப்புவது. இரு கைகளிலும் ஸ்லீவ் ஹெட்டை மூன்று அடுக்காக்கி, பள்ளத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவது. முகூர்த்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையைப் பிரித்து மறுபடி வெட்டாமல் முடிக்க முடியுமா என்ற எண்ணம்தான் என்னை இதில் இறக்கியது.

நான்கு நாள் கழித்து மீண்டும் அணிவித்தபோது வலப்பக்கச் சாய்வு மடிப்புகள் மறைந்திருந்தன. அந்த அளவில் பேட் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் வலப்பக்கப் பள்ளம் முன்னைவிட ஆழமாகிவிட்டது. இடப்பக்கத்திலும் அது போகவில்லை. அதோடு இரு கைகளின் உச்சியிலும் விரல் கனத்துக்கு ஒரு வரப்பு எழும்பி நின்றது. மேலே வரப்பு, கீழே பள்ளம் என்று ஆகிவிட்டதால், விளக்கொளி மேலிருந்து விழும்போது அந்த இடம் ஒரு கறுப்புக் கோடாகவே தெரிந்தது.

காரணத்தைப் பின்னால் யோசித்தால் எளிதாகப் புரிகிறது. வலத்தோளில் பேடை உயர்த்தியபோது அதன் விளிம்பும் அரை அங்குலம் மேலே போனது, கைத்தசை போகவில்லை. பேடின் விளிம்புக்கும் தசைக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடியது. ஸ்லீவ் ஹெட் பட்டை மேல் விளிம்பில் மட்டும்தான் தையலில் பிடித்திருக்கிறது. கீழ் விளிம்பு சும்மா தொங்குகிறது. அதை எத்தனை அடுக்காக்கினாலும் தையலை ஒட்டிய இடம்தான் தடிக்கும். ஓர் அங்குலம் கீழே இருக்கும் பள்ளத்தைத் தள்ள அதற்குப் பிடிமானம் இல்லை.

## விரல் வைத்துப் பார்த்தது

அதே நாளில், கோட் அவர் உடம்பில் இருக்கும்போதே, முதல் டிரையலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். கைகளைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, இடப்பக்கப் பள்ளத்தை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினேன். விரல் கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. அங்கே சதை தட்டுப்படவில்லை. துணிக்குப் பின்னால் வெறும் காற்று. வலப்பக்கத்தில் அதே போல அழுத்தியபோது விரல் உடனே தசையில் முட்டியது. அங்கே கைத்துணியைக் குறுக்காகக் கிள்ளிப் பார்த்தேன். நகத்தில் பிடிக்கும் அளவுக்குக்கூடத் துணி வரவில்லை. இடப்பக்கத்தில் தாராளமாக வந்தது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு பள்ளங்களும் ஒன்றுக்கொன்று எதிரான காரணங்களால் விழுந்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோட்டைக் கழற்றச் சொல்லி, சட்டையின் மேல் இரு தோள் எலும்பு முனைகளையும் சாக்பீஸால் குறித்தேன். மர ஸ்கேல் ஒன்றைக் கைத்தசையின் வெளிப்புறத்தில் செங்குத்தாக நிறுத்தி, எலும்பு முனையின் நேர்க்கோட்டிலிருந்து தசை எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தேன். இடக்கையில் கால் அங்குலம். வலக்கையில், எலும்பு முனைக்கு இரண்டு அங்குலம் கீழே, முழு ஓர் அங்குலம். கைத்தசையின் சுற்றளவும் வலக்கையில் முக்கால் அங்குலம் கூடுதலாக இருந்தது.

இந்த அளவுகளைக் கோட்டின் மேல் பொருத்திப் பார்த்தால் படம் தெளிவாகிறது. எங்கள் தையல் எலும்பு முனையிலிருந்து அரை அங்குலம் வெளியே இருந்தது. பேட் அதற்கும் கால் அங்குலம் அப்பால் நீண்டிருந்தது. இடப்பக்கத்தில் பேடின் விளிம்பு தசையைத் தாண்டி அரை அங்குலம் அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து தொங்கிய கைத்துணி, கீழே தாங்க ஒன்றுமில்லாமல் அந்த வெற்றிடத்துக்குள் சரிந்தது. வலப்பக்கத்தில் நிலைமை தலைகீழ். தசை பேடின் விளிம்பையும் தாண்டி வெளியே வந்து, கையின் அகலத்தை எல்லாம் தானே எடுத்துக்கொண்டது. கீழே இறுக்கமாக இழுபட்ட துணி, பேடுக்கும் தசைக்கும் இடைப்பட்ட இடத்தில் உள்வாங்கியது. இடப்பக்கம் தோள் அகலம் கூடியதால் வந்த பள்ளம். வலப்பக்கம் கை போதாமல் வந்த பள்ளம். இரண்டிலும் பஞ்சு குறையவில்லை.

இதை அவருக்குச் சொல்லி, கோட்டை மறுபடி பிரிக்க வேண்டும், கூடுதல் கூலி வேண்டாம், பத்து நாள் வேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

## எடுத்த முடிவுகள்

முதலில் தோளின் சாய்வு. வலத்தோளின் தாழ்வைப் பேட் கொண்டு முழுவதும் மறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முழுவதும் நிரப்பினால் ஒரு தோளில் அரை அங்குலமும் மறு தோளில் ஓர் அங்குலமும் கனமிருக்கும். நேராக நிற்கும்போது இரண்டும் சமமாகத் தெரியலாம். கையைத் தூக்கியதும் கனமான பேட் தனியாக எழும்பி, காதை நோக்கிப் போகும். வரவேற்பில் இரண்டு மணி நேரம் கைகூப்பிக் கொண்டும் கைகுலுக்கிக் கொண்டும் நிற்கப் போகிறவருக்கு அது ஆகாது. ஆகவே வித்தியாசத்தில் பாதியைப் பேடிடமும் மீதியை வெட்டிடமும் கொடுத்தோம். இடது பேட் 3/8 அங்குலம், வலது பேட் 5/8 அங்குலம். அதற்கேற்ப வலப்பக்கத் தோள்தையலை, கழுத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கித் தோள்முனையில் 3/8 அங்குலம் தாழுமாறு, முன்துணியிலும் பின்துணியிலும் சமமாக உள்ளே எடுத்தோம். இடப்பக்கத்தில் 1/8 அங்குலம் எடுத்தாலே போதுமாக இருந்தது. தோளைத் தாழ்த்தினால் கைக்குழி அந்த அளவுக்குச் சிறுத்துவிடும் என்பதால், வலப்பக்கக் கைக்குழியின் அடியையும் 3/8 அங்குலம் இறக்கி வெட்டினோம். இதை மறந்துவிட்டு, அக்குளில் இறுக்குகிறது என்று திரும்பி வரும் கோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அகலம். இடத்தோளைக் கைத்தையலில் 3/8 அங்குலம் உள்ளே கொண்டு வந்தோம். வலத்தோளை 1/8 அங்குலம் மட்டும் உள்ளே எடுத்தோம். இரண்டுக்கும் இடையில் கால் அங்குல வித்தியாசம் இருக்கும். வலக்கையின் தசை அதிகம் என்பதால் வெளிவரியில் அது கண்ணுக்குப் படாது என்று கணக்கிட்டேன். அப்படியே ஆயிற்று.

பேட் இரண்டையும் ஆயத்தமாக வாங்காமல் கடையிலேயே செய்தோம். ஆயத்தப் பேட் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தது. விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக நின்றது. இவருக்கோ தோள்முனை முன்னோக்கி வளைந்திருந்தது. எலும்பு துருத்தும் இடத்தில் கனமான பஞ்சு உட்கார்ந்தால், எலும்பின் மேல் எலும்பு வைத்தது போல முன்புறம் புடைக்கும். அதனால் பஞ்சுத் தாளை ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட அரை அங்குலம் சிறியதாக இருக்குமாறு படிப்படியாக அடுக்கினோம். ஓரங்களைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தோம். பிய்த்த ஓரம்தான் மேலே வரியாக அச்சுவிடாமல் கரைந்து போகும். முன்பாதியின் கனத்தைக் குறைத்து, பின்பாதியை அரை அங்குலம் நீளமாக வைத்தோம். மேலே கேன்வாஸும் கீழே மெல்லிய பருத்தித் துணியும் வைத்து, பேடை இடக்கை விரல்களின் மேல் வளைத்துப் பிடித்தபடியே தளர்வான சாய்வுத் தையல் போட்டோம். மேசையில் தட்டையாக வைத்துத் தைத்தால் பேட் பலகையாகவே இருக்கும். வளைத்துப் பிடித்துத் தைத்தால் கீழ்த்துணி சுருங்கி, தோளின் வளைவு அதற்குள் நிலைத்துவிடும். கோட்டுக்குள் வைக்கும்போதும் இதே விதிதான். மேல்துணி பேடின் மேலே வளைந்து போக வேண்டிய நீளத்தை விட்டுக்கொடுத்து, கேன்வாஸோடு தளர்வாகப் பிடிக்க வேண்டும். நூலை இழுத்துவிட்டால் தோளில் சின்னச் சின்னப் பள்ளங்கள் அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

பேட் எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதையும் இரு பக்கமும் வேறாக வைத்தோம். இடப்பக்கம் தையலைத் தாண்டிக் கால் அங்குலம். வலப்பக்கம் 1/8 அங்குலம் மட்டும்; அதுவும் விளிம்பை உருட்டி மழுக்கியது. அங்கே தோளின் முனையைத் தசையே வரைந்துவிடுகிறது; பேட் அதோடு போட்டி போட வேண்டியதில்லை.

வலக்கையைத்தான் அதிகம் யோசித்தேன். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து அகலத்தை 3/8 அங்குலம் கூட்ட முடியும். மேல்வளைவின் உயரத்தைக் கூட்ட முடியாது, அங்கே துணியே இல்லை. அகலம் மட்டும் கூடி உயரம் கூடாவிட்டால், தசையின் மேல் ஏறி இறங்கத் துணியின் நீளம் போதாமல் குறுக்கு மடிப்பு விழும். மீதித் துணியை விரித்துப் பார்த்ததில் ஒரு கைக்கு இடமிருந்தது. வலக்கையைப் புதிதாகவே வெட்டினோம்: தசைமட்டத்தில் 5/8 அங்குலம் அகலம் கூட்டி, மேல்வளைவில் கால் அங்குலம் உயர்த்தி. கைக்குழியைவிட மேல்வளைவு இப்போது ஒன்றே முக்கால் அங்குலம் நீளமாக இருந்தது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதியை உச்சிக்குச் சற்றுப் பின்னால் கொடுத்தோம், முன்னால் குறைவாக, அக்குளடியில் ஒன்றுமே இல்லாமல். இஸ்திரி மெத்தையின் மேல் நீராவி கொடுத்துச் சுருக்கியபோது துணி ஒரு சுருக்கமும் இல்லாமல் உள்ளே அடங்கியது. கலப்பில்லாத கம்பளி என்பதால்தான் இது முடிந்தது. பாலியஸ்டர் அதிகம் கலந்த துணி சூட்டுக்கு இப்படிச் சுருங்காது. அதில் ஒன்றே முக்காலைத் திணித்தால் கை உச்சியில் கொசுவம் விழும். அத்தகைய துணிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக ஸ்லீவ் ஹெட். மூன்று அடுக்கையும் எடுத்துப் போட்டோம். இடக்கைக்கு இரண்டு பட்டைகள்: கிராஸாக வெட்டிய மெல்லிய கேன்வாஸ் ஒன்றேகால் அங்குல அகலத்தில், அதன் மேல் கையால் பிய்த்த பஞ்சுத் தாள் ஒன்றே முக்கால் அங்குல அகலத்தில். தோள்தையலுக்கு முன்னால் நான்கு அங்குலமும் பின்னால் ஐந்தரை அங்குலமும் ஓடி, இரு முனைகளும் மெலிந்து முடிந்தன. வலக்கைக்குப் பஞ்சே இல்லை. இரண்டு அங்குல அகலத்தில் ஒரே ஒரு கிராஸ் கேன்வாஸ் பட்டை மட்டும். பேடின் விளிம்பிலிருந்து தசையின் மேல் வரை ஒரு சிறு பாலம் போல அது கிடந்தால் போதும் என்பது எண்ணம். வெற்றிடத்தை நிரப்பும் பொருள் வேறு, ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குத் துணியை ஏந்திச் செல்லும் பொருள் வேறு. வலப்பக்கத்துக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

கைத்தையலின் உள்விளிம்பை எந்தப் பக்கம் மடிப்பது என்பதும் வரியை மாற்றும். முழுவதும் கைக்குள் மடித்தால் உச்சி கயிறு வைத்தது போல எழும்பி நிற்கும். லண்டன் கோட்டுகளில் விரும்பிச் செய்யப்படுவது அது. தோளின் பக்கம் மடித்து, சட்டைக் கை போல இறக்குவது நேப்பிள்ஸ் தையற்காரர்களின் வழக்கம். முதலில் நாங்கள் கைக்குள் மடித்திருந்தோம். வரப்பு எழுந்ததில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது உச்சியின் இருபுறமும் மூன்று மூன்று அங்குலத்துக்கு விளிம்பைப் பிரித்து அமுக்கிவிட்டு, அதற்குக் கீழே மட்டும் கைக்குள் விட்டோம்.

## பின்னர் நடந்தது

மார்கழிக் கடைசியில் மீண்டும் அணிவித்தோம். இடப்பக்கப் பள்ளம் முற்றிலும் போயிருந்தது. தோளின் வரி கழுத்திலிருந்து இறங்கி, கை தொடங்கும் இடத்தில் லேசாக உயர்ந்து, அங்கிருந்து முழங்கை வரை தடையில்லாமல் விழுந்தது. வலப்பக்கத்தில் கையை இறுக்கமாக உடம்போடு ஒட்டி நிற்கும்போது மட்டும் ஒரு மெல்லிய நிழல் இருந்தது. கையைச் சற்றே முன்னால் கொண்டு வந்ததும் அதுவும் மறைந்தது. கையின் திருப்பத்தை 3/8 அங்குலம் முன்னோக்கி மாற்றித் தைத்ததில் அந்த நிழல் பாதியாகக் குறைந்தது. மீதியை அப்படியே விட்டோம். அதைப் போக்க இன்னும் அகலம் கொடுத்தால் கை முழுவதும் தொளதொளத்துவிடும். அசையாமல் நிற்கும் ஒருவருக்கு மட்டும் கச்சிதமாக இருக்கும் கோட்டைவிட, அசையும்போது நன்றாக இருக்கும் கோட் மேல் என்பது என் கருத்து.

வலத்தோள் கால் அங்குலம் தாழ்ந்தே இருந்தது. அவரிடம் அதைக் கண்ணாடியில் சுட்டிக்காட்டினேன். சுட்டிக்காட்டிய பிறகும் அவருக்கு அதைப் பிரித்தறிய முடியவில்லை. கைகளை மேலே தூக்கிப் பார்த்தார், தாயாரைப் பார்த்துத் திரும்பினார், பிறகு, "இப்ப இது என் தோள் மாதிரியே இருக்கு மாஸ்டர்" என்றார்.

சித்திரையில் வேறு வேலையாக அந்தக் கோட்டைக் கொண்டு வந்தபோது தோளை மறுபடி பார்த்தேன். ஸ்லீவ் ஹெட் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. இடது பேடின் விளிம்பில் மட்டும் சிறிய மொட்டு போல ஒரு புடைப்பு. மெல்லிய கம்பி ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கியதால், கம்பியின் முனை பஞ்சை உள்ளிருந்து குத்தியிருந்தது. லைனிங்கைத் தோளருகில் நான்கு அங்குலம் பிரித்து, பஞ்சை விரலால் கலைத்து ஆவி கொடுத்துச் சரிசெய்தோம். தோளின் அகலத்துக்கு ஏற்ற மர ஹேங்கர் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினேன்.

## இனி மாற்றியிருப்பவை

எங்கள் அளவுப் புத்தகத்தில் தோளுக்கு இப்போது இரண்டு பத்திகள் இருக்கின்றன, இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. கழுத்தடியிலிருந்து எலும்பு முனை வரையான நீளம், தசை எலும்பு முனையைத் தாண்டி வெளியே வரும் அளவு, கைத்தசையின் சுற்றளவு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறோம். எல்லோருக்கும் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது வெட்டை மாற்றும் அளவுக்கு இல்லை. ஆனால் அளக்காமல் அதைச் சொல்ல முடியாது.

முதல் டிரையலில் கைகளை வெட்டுவதில்லை. இறுதியாக வைக்கப்போகும் பேடையே உள்ளே வைத்து, கையில்லாத உடலை மட்டும் அணிவித்து, தோளும் கைக்குழியும் ஒத்துவந்த பிறகே கைத்துணியில் கத்தரி வைக்கிறோம். "டிரையலுக்கு ஏதாவது ஒரு பேட்" என்று வைத்துப் பார்ப்பது வீண்வேலை. கால் அங்குலக் கனம் மாறினால் தோளின் சாய்வும் கைக்குழியின் ஆழமும் கையின் உயரமும் ஒருசேர மாறிவிடுகின்றன. இதற்காக ஒரு டிரையல் கூடுகிறது. அவசரமாக வருபவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்; சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள்.

பள்ளம் தெரிந்தால் பஞ்சை எடுப்பதற்கு முன் விரலை வைத்துப் பார்ப்பது இப்போது எங்கள் இளைஞரின் வழக்கமாகிவிட்டது. போன வாரம் வேறொரு கோட்டில் இடக்கையில் மட்டும் ஒரு குழிவு இருந்தது. அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ளே காத்துதான் மாஸ்டர், தோளைக் கால் இன்ச் உள்ளே எடுத்துடலாம்" என்றார். எடுத்தோம். ஸ்லீவ் ஹெட்டைத் தொடவே இல்லை.